சிவப்பழகு ட்யூபுக்குள் ஒளிந்திருக்கும் ஸ்டீராய்டு

மருந்துக்கடைகளில் சிவப்பழகு க்ரீம் என்று கேட்டவுடன் எடுத்துத் தரப்படும் ட்யூப்களில் ஒரு பகுதி அழகுசாதனமே அல்ல, மருந்து. முகத்தில் மங்கு படர்ந்தவர்களுக்குத் தோல் மருத்துவர்கள் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தரும் மூன்று மருந்துக் கலவை அது. நிறமி உற்பத்தியைக் குறைக்க ஹைட்ரோகுவினோன், மேல்தோலைப் புதுப்பிக்க ட்ரெடினாயின், இவ்விரண்டும் கிளப்பும் எரிச்சலை அடக்க ஒரு ஸ்டீராய்டு. அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1975இல் வெளியிட்ட கலவையில் இருந்த ஸ்டீராய்டு டெக்சாமெதசோன். இந்தியச் சந்தைக்கு வந்த மாற்று வடிவத்தில் அந்த இடத்தை அதைவிட வீரியமான மொமெடாசோன் பிடித்துக்கொண்டது. படை, சொறிக்கென்று விற்கும் பீட்டாமெதசோன், குளோபெட்டசால் க்ரீம்களும் நிறம் கூடும் என்ற நம்பிக்கையில் முகத்துக்கு வந்து சேர்கின்றன.

இவற்றில் ஸ்டீராய்டின் பெயர் ட்யூபின் பின்பக்கம் பொடி எழுத்திலாவது இருக்கும். அழகு நிலையங்களிலும் இணையத்திலும் டப்பாவில் விற்கப்படும் பெயரில்லாத ‘நைட் க்ரீம்’களில் அதுவும் கிடையாது. என்ன கலந்திருக்கிறது என்பது வாங்குபவருக்கு மட்டுமல்ல, பெரும்பாலும் விற்பவருக்கே தெரியாது.

ஸ்டீராய்டு பட்டதும் தோலின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன; சிவப்பும் வீக்கமும் வடிகின்றன. நிறமிச் செல்களின் வேலை மந்தமாகிறது. இதனால் ஒரு வாரத்துக்குள்ளேயே முகம் வெளுத்து, பருக்கள் அமுங்கி, வழவழப்பாகத் தெரியும். சாதாரண அழகு க்ரீம் எதுவும் இந்த வேகத்தில் வேலை செய்யாது. ஆகவே ஏழு நாளில் பளிச்சென்ற மாற்றம் தரும் க்ரீம் எதுவானாலும் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அதே மருந்து தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் உற்பத்தியையும் நிறுத்தி வைக்கிறது. நாளாக ஆக மேல்தோல் மெலிகிறது. முழங்கைக்குக் கீழுள்ள தோலோடு ஒப்பிட்டால் நெற்றி சுமார் ஆறு மடங்கு அதிகமாக ஸ்டீராய்டை உறிஞ்சும். தாடை அதைவிடவும் அதிகம். கையில் பெரிதாக எதுவும் செய்யாத க்ரீம் முகத்தைச் சிதைப்பதற்கு இதுவே காரணம்.

இந்தச் சிதைவு எப்படி நடக்கிறது என்பதற்குத் தோல் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் ஒரு போக்கைச் சொல்லலாம். கன்னத்தில் லேசான மங்கு உள்ள 22 வயதுப் பெண், தோழி சொன்ன ட்யூபை வாங்கி இரவுதோறும் பூசுகிறார். இரண்டாவது வாரத்தில் எல்லோரும் நிறம் கூடியிருப்பதாகச் சொல்கிறார்கள். இரண்டு, மூன்று மாதங்களில் வெயிலில் இறங்கினால் முகம் எரிகிறது, சமையல் அடுப்புச் சூட்டுக்கே கன்னம் சிவக்கிறது. ட்யூப் தீர்ந்துபோய் நான்கு நாள் பூசாமல் விட்டதும் முகம் செக்கச்செவேலென்று சிவந்து, அரிப்பெடுத்து, ஒரே அளவிலான சிறு பருக்கள் கொத்தாகக் கிளம்புகின்றன. பயந்துபோய் மறுபடி பூசுகிறார். ஒரே இரவில் எல்லாம் அடங்குகிறது. இந்த க்ரீம் இல்லாமல் தன் தோலுக்கு ஆகாது என்று முடிவு செய்கிறார்.

அந்த முடிவுதான் தவறு. மாதக்கணக்கில் சுருக்கி வைக்கப்பட்டிருந்த ரத்தக்குழாய்கள் மருந்து நின்றதும் ஒரேயடியாக விரிகின்றன. அமுக்கி வைக்கப்பட்டிருந்த அழற்சி திரும்புகிறது. பழைய நோய் முற்றியதால் வந்த சிவப்பல்ல அது. மருந்துக்குப் பழகிப்போன தோலில் மருந்து நின்றதால் வந்தது. ஒவ்வொரு முறை மறுபடி பூசும்போதும் இந்த அடிமைத்தனம் இறுகுகிறது. ஸ்டீராய்டால் சேதமான, ஸ்டீராய்டைச் சார்ந்த முகம் என்று இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். நாட்டின் 12 மையங்களில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், முகத்தோல் கோளாறுகளுடன் வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதைச் சொன்னது மருத்துவர் அல்ல.

ஓராண்டு, ஈராண்டு கடந்தவர்களின் கன்னத்தில் சிவப்பு நூலிழைகளாக ரத்தக்குழாய்கள் வெளியே தெரியும். வாயைச் சுற்றிச் சிறு பருக்கள் படர்ந்திருக்கும். உதட்டை ஒட்டிய மெல்லிய வளையம் மட்டும் தப்பியிருக்கும். கன்னத்திலும் தாடையிலும் பூனைமுடி தடித்து வளரும். கண்ணோரம் தொடர்ந்து பூசுவது கண்ணின் உள்ளழுத்தத்தையும் கூட்டலாம். படர்தாமரை இருந்த இடத்தில் பூசினால் அரிப்பு மட்டும் அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும், வட்ட வடிவம் மாறிப்போவதால் நோயை அடையாளம் காண்பதும் கடினமாகும்.

மீட்சி என்பது இந்த க்ரீமை விட்டுவிடுவதில்தான் தொடங்குகிறது. விடும் முறையை மட்டும் தோல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். குறைந்த வீரியமுள்ளதைக் கொஞ்ச நாள் பூசியவர் ஒரேயடியாக நிறுத்திவிடலாம். குளோபெட்டசால் போன்றதைப் பல மாதம் பூசியவருக்கு மருத்துவர் வீரியம் குறைந்த ஹைட்ரோகார்ட்டிசோனுக்கு மாற்றி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைத்து நிறுத்துவதுண்டு. உடம்பின் பெரும்பகுதியில் நெடுநாள் பூசியவர்கள் தாமாகத் திடீரென நிறுத்தவே கூடாது. உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு குறைந்துபோயிருக்க வாய்ப்புண்டு.

நிறுத்திய சில நாட்களிலிருந்து இரண்டு வாரத்துக்குள் சிவப்பும் எரிச்சலும் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலானவர்கள் மனம் தளர்ந்து பழைய ட்யூபைத் தேடுவது இந்தக் கட்டத்தில்தான். அழற்சியை அடக்க டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்பையும், பருக்கள் அதிகமானால் சில வாரங்களுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையையும் மருத்துவர் தருவார். டாக்ரோலிமஸ் முதல் சில நாள் சுரீரென்று எரியும். போகப்போக அது குறையும். கர்ப்பிணிகளுக்கு டாக்சிசைக்ளின் ஆகாது.

வீட்டில் செய்ய வேண்டியது மிகக் குறைவு. குளிர்ந்த நீரில் நனைத்த மெல்லிய துணியைப் பத்து நிமிடம் முகத்தில் போடலாம். சோப்புக்குப் பதில் நுரையில்லாத மென்மையான க்ளென்சர், வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர், வெளியே போகும்போது துத்தநாக ஆக்சைடு உள்ள சன்ஸ்க்ரீன், இவை போதும். ஃபேஷியல், ப்ளீச், எலுமிச்சைச்சாறு, மஞ்சள் பூச்சு எல்லாவற்றையும் நிறுத்தி வைக்க வேண்டும். மெலிந்த தோலுக்கு இயற்கைப் பொருளும் எரிச்சல்தான்.

சிவப்பும் பருக்களும் அடங்கச் சில வாரங்கள் முதல் பல மாதங்கள் வரை ஆகும். பூசிய காலம் நீண்டிருந்தால் மீட்சியும் நீளும். பூனைமுடி பெரும்பாலும் மெல்லக் குறையும். தோலின் தடிமன் ஓரளவு திரும்பும். விரிந்த ரத்தக்குழாய்கள் தாமாக மறைவது அரிது, அவற்றுக்கு லேசர் சிகிச்சை தேவைப்படும். முதலில் இருந்த மங்கு திரும்பி வரும், சிலருக்குக் கூடுதலாகவே வரும். தோல் தேறிய பிறகுதான் அதற்கு மருத்துவம் தொடங்க முடியும்.

மத்திய அரசு 2018இல் தோலில் பூசும் 14 ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் சீட்டில்லாமல் கிடைப்பது நின்றபாடில்லை. எனவே வாங்குபவரே ட்யூபைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மருந்தின் பெயர் ‘சோன்’ என்றோ ‘லோன்’ என்றோ முடிந்தால், அல்லது குளோபெட்டசால் என்றிருந்தால், அது ஸ்டீராய்டாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். ஆர்எக்ஸ் குறியும் சிவப்புக் கோடும் இருந்தால் அது சீட்டுக்கு மட்டுமே உரிய மருந்து. மருத்துவரிடம் போகும்போது பூசிய ட்யூபையோ டப்பாவையோ தூக்கி எறியாமல் கையோடு கொண்டுபோங்கள். மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. நோயாளிகளும் இதில் நேரடியாகத் தெரிவிக்கலாம்.