சார்ஜ்பேக் வந்தால் கடைக்காரர் தர வேண்டிய பதில்

காஞ்சிபுரத்திலிருந்து இணையம் வழியாகப் பட்டுப்புடவை விற்கும் ஒரு கடையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் நியூஜெர்சியில் வசிக்கும் ஒரு பெண் மார்ச் 3ஆம் தேதி வீசா கிரெடிட் கார்டில் 38,500 ரூபாய் கட்டிப் புடவை வாங்குகிறார். மார்ச் 5 அன்று கடை அதைக் கூரியரில் அனுப்புகிறது. 12ஆம் தேதி பார்சல் சேர்ந்துவிட்டதாக டிராக்கிங் காட்டுகிறது. மே மாதக் கடைசியில் பேமென்ட் கேட்வேயிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது. அந்தப் பெண் தன் வங்கியில் புகார் கொடுத்திருக்கிறார், 38,500 ரூபாய் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது, ஏழு நாளுக்குள் பதில் அனுப்புங்கள் என்கிறது அது.

இதுதான் சார்ஜ்பேக். பணம் போன வழியைத் தெரிந்துகொண்டால் பதில் எழுதுவது எளிதாகும். புகார் வந்ததும் வாடிக்கையாளரின் வங்கி, வீசா வலையமைப்பு வழியாகக் கடையின் பக்கம் இருக்கும் வங்கியிடமிருந்து தொகையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கடையின் வங்கியும் கேட்வேயும் அதே தொகையைக் கடைக்காரரின் கணக்கில் கழிக்கின்றன. கூடவே ஒரு கட்டணமும் போடுவது வழக்கம். வழக்கில் வென்றாலும் அந்தக் கட்டணம் பல நேரங்களில் திரும்பி வராது. கடைக்காரர் ஆதாரம் கொடுத்தால், கடையின் வங்கி அதே பரிவர்த்தனையை ஆதாரங்களோடு சேர்த்து வாடிக்கையாளரின் வங்கியிடம் மறுபடி முன்வைக்கும். அதற்குப் பெயர் ரிப்ரெசென்ட்மென்ட்.

பல கடைக்காரர்கள் இந்தப் பதிலை வீசாவோ கேட்வேயோ படித்துத் தீர்ப்புச் சொல்லும் என்று நினைக்கிறார்கள். முதலில் படிப்பது வாடிக்கையாளரின் வங்கியில் புகார்களைக் கையாளும் ஓர் ஊழியர். அவருக்கு உங்கள் கடையும் தெரியாது, காஞ்சிபுரமும் தெரியாது. அவர் முன்னால் இருப்பது நீங்கள் அனுப்பிய பிடிஎஃப் மட்டுமே. ஆகவே அதை எளிய ஆங்கிலத்தில், அவர் தேடும் விஷயம் முதல் பக்கத்திலேயே கண்ணில் படும்படி எழுத வேண்டும்.

அவர் என்ன தேடுகிறார் என்பது மின்னஞ்சலிலேயே இருக்கும். ஒவ்வொரு சார்ஜ்பேக்குக்கும் ஒரு காரணக் குறியீடு உண்டு. வீசாவில் 13.1 என்றால் பொருள் வந்து சேரவில்லை என்று புகார். 13.3 என்றால் வந்த பொருள் சொன்னபடி இல்லை. 10.4 என்றால் இணையத்தில் என் கார்டை வேறு யாரோ பயன்படுத்திவிட்டார்கள். மாஸ்டர்கார்டில் எண்கள் வேறு, புகார்கள் ஏறத்தாழ இவைதான். புடவையின் தரத்துக்கு எத்தனை நற்சான்று கொடுத்தாலும் 13.1க்கு அது பதிலாகாது. ரிப்ரெசென்ட்மென்டில் நல்ல கடைகள்கூடத் தோற்பது இங்கேதான். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல், கடையின் நேர்மையை விளக்கும் நீண்ட கடிதம் போகிறது.

நம் உதாரணத்தில் குறியீடு 13.1. அப்படியானால் நிரூபிக்க வேண்டியது ஒன்றுதான்: வாடிக்கையாளர் கொடுத்த முகவரியில் பார்சல் ஒப்படைக்கப்பட்டது. கடையிடம் இருப்பது டிராக்கிங் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட். அதில் ஊர்ப் பெயர், தேதி, சேர்ந்தது என்ற ஒரு சொல், இவ்வளவுதான். அந்த ஊரில் எந்த வீட்டுக்குப் போனது என்று அது சொல்லவில்லை. வங்கி ஊழியர் இதை நிராகரித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. கூரியர் நிறுவனத்திடம் கேட்டால் முழு முகவரியும் வாங்கியவரின் கையெழுத்தும் உள்ள ஒப்படைப்புச் சான்றைத் தருவார்கள். ஆனால் இந்தப் பதிவுகளை அவர்கள் காலமெல்லாம் வைத்திருப்பதில்லை. வாடிக்கையாளருக்கோ புகார் கொடுக்க, பொருள் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. பார்சல் சேர்ந்த அன்றே சான்றை இறக்கி ஆர்டரோடு சேர்த்து வைப்பதுதான் பாதுகாப்பு. விலை உயர்ந்த புடவைக்குக் கையெழுத்து வாங்கும் சேவையைத் தேர்ந்தெடுப்பதால் ஆகும் கூடுதல் செலவு வீணல்ல.

அந்தச் சான்று கிடைத்துவிட்டால் மற்றவை சுலபம். கடிதத்தில் முதல் வரியாக, இந்த ஆர்டர் மார்ச் 12 அன்று இந்த முகவரியில் இன்னாரின் கையெழுத்தோடு ஒப்படைக்கப்பட்டது என்று எழுதலாம். அதன் கீழே ஆர்டர் பக்கத்தில் வாடிக்கையாளர் தட்டிய முகவரியும் கூரியர் சான்றில் உள்ள முகவரியும் பக்கத்தில் பக்கத்தில் தெரியட்டும். புடவை கிடைத்த பிறகு அவர் வாட்ஸ்அப்பில், நிறம் அழகாக இருக்கிறது என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தால் அதைவிட வலுவான சான்று வேறில்லை. அந்தச் செய்தி தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் தேதியையும் சேர்க்க வேண்டும். மூன்று நான்கு பக்கம் போதும்.

குறியீடு 10.4 ஆக இருந்திருந்தால் இதே ஆதாரம் பெரும்பாலும் போதாது. திருடிய கார்டில் வாங்கியவர் கொடுத்த முகவரிக்கே பார்சல் போயிருக்கும். இங்கே முதலில் பார்க்க வேண்டியது, பணம் கட்டியபோது ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு நடந்ததா என்பது. நடந்திருந்தால், இவ்வகை மோசடியின் பொறுப்பு பொதுவாகக் கார்டு கொடுத்த வங்கியுடையது. இந்தியக் கார்டுகளுக்கு 2009 முதல் ரிசர்வ் வங்கி இணையப் பரிவர்த்தனைகளில் இந்தச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வெளிநாட்டு வங்கிகள் கொடுத்த கார்டுகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஏற்றுமதி செய்யும் கடைகளுக்கு இந்த வகைப் புகார் அதிகம் வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

சரிபார்ப்பு இல்லாவிட்டாலும் பழைய வாடிக்கையாளர் என்றால் ஒரு வழி உண்டு. 2023 ஏப்ரலில் வீசா கொண்டுவந்த விதி அது. அதே கார்டில், புகாருக்கு 120 முதல் 365 நாள் முன்பு, ஆட்சேபம் எழாத இரண்டு பழைய கொள்முதல்களைக் காட்ட வேண்டும். அவற்றிலும் இப்போதைய ஆர்டரிலும் குறைந்தது இரண்டு விவரங்கள் ஒத்துப்போக வேண்டும். கணக்குப் பெயர், அனுப்பும் முகவரி, ஐபி முகவரி, கருவியின் அடையாளம் ஆகியவற்றிலிருந்து அந்த இரண்டும் வரலாம். ஆனால் ஒன்றாவது ஐபி முகவரியாகவோ கருவி அடையாளமாகவோ இருந்தே தீர வேண்டும். ஐபி விவரத்தையோ கருவி அடையாளத்தையோ சேமிக்காத இணையக் கடைக்கு இந்த வழி திறக்காது. முதல் முறை வாங்கியவர், சரிபார்ப்பும் இல்லை என்றால், இழப்பை ஏற்றுக்கொண்டுவிடுவதே நல்லது என்பேன்.

சார்ஜ்பேக் வந்ததும் பதறிப்போய் வாடிக்கையாளருக்குத் தனியாகப் பணத்தைத் திருப்பி அனுப்பக் கூடாது. தொகை ஏற்கெனவே வங்கி வழியாகப் போய்விட்டது. இன்னொரு முறை அனுப்பினால் கடை இரண்டு தடவை இழக்கும். தொலைபேசியில் அவர், கணவர் வாங்கியது எனக்குத் தெரியாமல் போய்விட்டது, புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று சொன்னால் மகிழ்ச்சிதான். அதை மின்னஞ்சலாக எழுதி வாங்கி ஆதாரத்தோடு சேர்த்து, கெடுவுக்குள் பதிலையும் அனுப்பிவிட வேண்டும். கெடு தவறினால் புகாரை ஒப்புக்கொண்டதாகவே கணக்கு.

13.1க்கான பதிலை வங்கி ஏற்றுக்கொண்டால் 38,500 ரூபாய் கடைக்குத் திரும்பும். ஏற்காவிட்டால் அந்த வங்கி மறுபடி ஆட்சேபிக்கலாம், அடுத்து வீசாவே தீர்ப்புச் சொல்லும் கட்டத்துக்கும் விஷயம் போகலாம். அங்கே தோற்பவர் தொகையோடு சேர்த்து நூற்றுக்கணக்கான டாலர் கட்டணமும் கட்ட வேண்டும். 38,500 ரூபாய் என்பது ஏறத்தாழ அந்தக் கட்டணத்தின் அளவிலேயே இருக்கிறது. கையெழுத்துள்ள ஒப்படைப்புச் சான்று கையில் இருந்தால் மட்டுமே அந்தக் கட்டம் வரை போகச் சம்மதிக்கலாம். வெறும் ஸ்கிரீன்ஷாட்தான் இருக்கிறது என்றால் இரண்டாவது ஆட்சேபத்தோடு விட்டுவிடலாம்.