ஓட்டத்துக்கு ஜெல்லா, வாழைப்பழமா?

சோளிங்கர் மலையடிவாரத்தில் இரண்டு மணி நேரம் ஓடினால் கால் ஏன் சோர்கிறது? முக்கியமாக, தசையில் சேமித்த சர்க்கரை குறைவதால். ஒரு ஜெல் பாக்கெட்டில் சுமார் 25 கிராம் கார்போஹைட்ரேட்; நடுத்தர வாழைப்பழத்திலும் ஏறக்குறைய அதே அளவுதான்.

அமெரிக்காவின் அப்பலேச்சியன் மாநிலப் பல்கலைக்கழகம் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 75 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டியவர்கள் பழத்தாலும் சர்க்கரைப் பானத்தாலும் ஒரே அளவு வேகம் கண்டனர். ஆனால் பழம் தின்றபோது வயிறு உப்பியது. அதிலுள்ள நார்ச்சத்து மெல்லத்தான் இறங்கும். ஓடும்போது குடல் குலுங்குவதால் தொல்லை கூடும்.

அதனால் அரை மணிக்கு அரைப் பழம் போதும். இல்லையேல் 30 கிராம் வெல்லத்தை அரை லிட்டர் தண்ணீரில் இரண்டு சிட்டிகை உப்போடு கரைத்து, ஒரு மணி நேரத்தில் சிறுகச் சிறுகக் குடிக்கலாம். கரைசல் கெட்டியானால் குமட்டும். சோறு சாப்பிடுவதானால், ஓடக் கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள்.