பெயரில்லாத ரிமோட்டை அடையாளம் காண்பது



சுங்கை பாக்காப் வட்டாரத்தில் தோட்டத்து லயத்தை விட்டு வாடகை வீட்டிற்குக் குடிபோன ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். முன்பு குடியிருந்தவர்கள் சுவரில் ஏர்கோனையும் மேசை இழுப்பறையில் மூன்று ரிமோட்டுகளையும் விட்டுச் சென்றிருக்கிறார்கள். ஏர்கோனின் முகப்பிலிருந்த பெயர்த் தகடு விழுந்துவிட்டது. ரிமோட்டுகளிலும் எழுத்து தேய்ந்துவிட்டது. எது எதற்கு உரியது? கடைக்கு ஓடிப் புதிது வாங்குமுன் நாமே கண்டறிய வழி உண்டு.

முதலில் பொத்தான்களைப் பார்ப்போம். முதல் ரிமோட்டில் 0 முதல் 9 வரை எண்களும், சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என நான்கு வண்ணப் பொத்தான்களும் உள்ளன. இரண்டாவதும் ஏறக்குறைய அப்படியே. மூன்றாவதில் எண்கள் இல்லை. சிறிய திரையும், வெப்பநிலையைக் கூட்டிக் குறைக்கும் இரு அம்புகளும், காற்றின் வேகத்தையும் வீசும் திசையையும் மாற்றும் பொத்தான்களும் இருக்கின்றன. மூன்றாவதுதான் ஏர்கோனுக்கு உரியது.

ஏர்கோன் ரிமோட்டுக்கு ஏன் திரை? தொலைக்காட்சி ரிமோட்டில் ஒலியைக் கூட்டு என்று அழுத்தினால், அந்த ஒரு கட்டளை மட்டுமே போகும். பெரும்பாலான ஏர்கோன் ரிமோட்டுகளோ ஒவ்வொரு முறையும் வெப்பநிலை, காற்றின் வேகம், வீசும் திசை எல்லாவற்றையும் மொத்தமாக அனுப்புகின்றன. அனுப்பப்போவது இன்னதென்று நமக்குக் காட்டவே அந்தத் திரை.

மற்ற இரண்டில் எது தொலைக்காட்சிக்கு உரியது? மலேசியாவில் பழைய அனலாக் ஒளிபரப்பு 2019-இல் நிறுத்தப்பட்டது. அதனால் பழைய பெட்டியோடு டிகோடர் வைத்திருக்கும் வீட்டில் இரண்டு ரிமோட்டுகள் இருக்கும். 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' என்ற பொத்தான் இருந்தால், அது பெரும்பாலும் தொலைக்காட்சியுடையது. எந்தத் துளையிலிருந்து படம் வர வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுப்பது அதன் வேலை.

இனி பேட்டரி மூடியைத் திறப்போம். முன்புறத்தில் எழுத்து தேய்ந்தாலும் உள்ளே அல்லது பின்புறத்தில் ரிமோட்டின் எண் தப்பியிருக்கக்கூடும். அதன் முதல் எழுத்துகளே நமக்கு வேண்டியவை. BN59 என்று தொடங்கினால் சாம்சங் தொலைக்காட்சி. AKB என்றால் எல்ஜி. N2QAYB என்றால் பானாசோனிக். ஏர்கோனில் ARC என்று தொடங்கினால் டாய்க்கின். நம் மூன்றாவது ரிமோட்டில் ARC என்று இருந்ததாக வைத்துக்கொள்வோம். அதற்குப் பின்வரும் எண்களையும் எழுத்துகளையும் ஒன்றுவிடாமல் எழுதிக்கொள்ள வேண்டும். அது ரிமோட்டின் எண். ஏர்கோனின் மாடல் எண் வேறு, அது உட்பெட்டியின் பக்கத்திலோ அடியிலோ ஒட்டிய சீட்டில் இருக்கும். அதையும் குறித்துக்கொள்வோம்.

எண்ணே தெரியவில்லையா? மூடியும் சாட்சி சொல்லும். அது முழு முதுகையும் மூடுகிறதா, பாதியை மட்டுமா? இழுத்துத் திறப்பதா, கொக்கியை அழுத்தித் தூக்குவதா? உள்ளே பேட்டரி பெரியதா, மெல்லியதா? முன்புறம், பின்புறம், மூடி கழற்றிய குழி மூன்றையும் ஓர் அடிக்கோலை அருகில் வைத்துப் படமெடுத்துக் கொண்டுபோனால் கடைக்காரர் ஒத்துப்பார்க்க முடியும். ஆனால் வடிவம் ஒன்றாயிருப்பதால் கட்டளையும் ஒன்றாயிருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. ஒரே கூட்டில் வேறு கட்டளை அமைந்த ரிமோட்டுகள் உண்டு.

ஆகவே கடைசியாகச் சோதனை. புதுப் பேட்டரி போட்டு, கைப்பேசிக் கேமராவுக்கு நேராக ரிமோட்டின் முனையைப் பிடித்து அழுத்துவோம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திரையில் மின்னும். சில கைப்பேசிகளின் பின்புறக் கேமரா அதைத் தடுத்துவிடும். அப்போது முன்புறக் கேமராவை முயலலாம். நன்றாக வேலை செய்யும் வேறொரு ரிமோட்டை முதலில் காட்டி, கேமரா பார்க்கிறதா என்று அறிந்துகொள்வது நல்லது. ஒளியே இல்லையென்றால் ரிமோட்டில் கோளாறு. ஒளி வருகிறது, ஏர்கோனிலிருந்து 'பீப்' ஒலி இல்லை என்றால், ரிமோட் மாறிவிட்டது, அல்லது ஏர்கோனின் வாங்கும் கண் பழுது. 'பீப்' வந்தாலும் அவசரப்பட வேண்டாம். அணைத்தல், வெப்பநிலை, காற்று வேகம், திசை நான்கையும் சோதிப்போம். இரண்டு மட்டும் வேலை செய்தால், அது அக்காள் தங்கை போல் ஒத்த வேறு ரிமோட்.

சரியானது கிடைக்கும்வரை வெக்கையில் படுக்க வேண்டியதில்லை. பல ஏர்கோன்களில் முன்மூடியைத் தூக்கினால் ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை ஒருமுறை அழுத்தினால் ரிமோட் இல்லாமலே ஓடும். மறுமுறை அழுத்தினால் நிற்கும். வெப்பநிலையை மட்டும் நம் விருப்பப்படி மாற்ற முடியாது.