செட் சாப்பாட்டின் கணக்கு

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் மதிய நேரத்தில் நடந்தால், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளின் விலைப்பலகையைக் கவனித்துப் பாருங்கள். சில கடைகளில் சைவ இலைக்கு ஒரு விலை, மட்டன் பிரட்டலுக்கு ஒரு விலை, இரண்டும் சேர்ந்த 'செட்'டுக்கு இன்னொரு விலை என்று மூன்று வரி இருக்கும். செட்டாக மட்டும்தான் கொடுப்போம் என்கிற கடைகளும் உண்டு. இது கடைக்காரரின் குணம் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஒரு கணக்கு.

பொருளியலில் முதல் வகையைக் கலப்புத் தொகுப்பு என்றும், இரண்டாவதைக் கட்டாயத் தொகுப்பு என்றும் சொல்லலாம். ஆடம்ஸ், எலன் என்ற இரு அமெரிக்கப் பொருளியலாளர்கள் 1976ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை இந்த இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டியது. நாம் அதை ஓர் இலையில் பரிமாறிப் பார்ப்போம். கடையும் எண்களும் கற்பனைதான்.

கடைக்கு மூன்று வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். முதலாமவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். இலைச் சாப்பாடு என்றால் அவருக்கு உயிர், அதற்கு 16 வெள்ளி வரை கொடுப்பார். கொழுப்புச்சத்துக்குப் பயந்து மட்டனைக் குறைத்துவிட்டார், ஆகவே மட்டனுக்கு 4 வெள்ளிக்கு மேல் தரமாட்டார். இரண்டாமவர் பக்கத்து அலுவலகத்தில் வேலை செய்யும் தம்பி. அவருக்கு இலை 10 வெள்ளி, மட்டன் 10 வெள்ளி. மூன்றாமவர் வீட்டிலேயே சோறு வடித்துவிட்டு, குழம்புக்குப் பதிலாக மட்டனைப் பொட்டலம் கட்டி வாங்கிப்போக வரும் அக்கா. மட்டனுக்கு 16 வெள்ளி கொடுப்பார், இலைக்கு 4 வெள்ளிதான். கடைக்கு ஓர் இலை போட 6 வெள்ளி செலவு, ஒரு கிண்ணம் மட்டனுக்கும் 6 வெள்ளி.

தனித்தனியாக மட்டும் விற்றால் என்ன ஆகும்? இலையை 10 வெள்ளிக்கு வைத்தால் ஆசிரியரும் தம்பியும் வாங்குவார்கள், ஆளுக்கு 4 வெள்ளி என்று 8 வெள்ளி லாபம். 16 வெள்ளிக்கு வைத்தால் ஆசிரியர் மட்டும்தான், ஆனால் லாபம் 10 வெள்ளி. ஆகவே கடைக்காரர் 16 என்றே வைப்பார். மட்டனுக்கும் இதே கதை. மொத்த லாபம் 20 வெள்ளி. தம்பி மட்டும் பசியோடு அடுத்த கடைக்குப் போகிறார்.

இப்போது செட் மட்டுமே என்று வைப்போம், விலை 20 வெள்ளி. கூட்டிப் பாருங்கள், மூவருக்குமே இரண்டும் சேர்ந்து மதிப்பு 20தான். மூவரும் வாங்குவார்கள். ஒரு செட்டுக்குச் செலவு 12, லாபம் 8, மூன்று பேருக்கு 24 வெள்ளி. ஆசை வேறுவேறாக இருந்தாலும் கூட்டினால் ஒன்றாகிவிடுகிறது, தொகுப்பின் சூட்சுமம் இவ்வளவுதான்.

ஆனால் இந்த 24இல் ஓர் ஓட்டை இருக்கிறது. ஆசிரியர் 4 வெள்ளி என்று மதிக்கும் மட்டனுக்குக் கடைக்காரர் 6 வெள்ளி செலவழிக்கிறார். அக்காவுக்குப் போடும் இலையிலும் அப்படியே. கேட்காதவருக்குக் கொடுத்து, கொடுத்ததில் 2 வெள்ளி நட்டம்.

கலப்புத் தொகுப்பு இந்த ஓட்டையை அடைக்கிறது. செட் 20 வெள்ளியாகவே இருக்கட்டும். கூடவே இலை தனியாக 15, மட்டன் தனியாக 15 என்று பலகையில் எழுதுகிறார். ஆசிரியருக்கு இலை மட்டும் வாங்கினால் 1 வெள்ளி மிச்சம், செட்டில் ஒன்றும் மிஞ்சாது. அவர் இலைக்குப் போகிறார், அக்கா மட்டனுக்குப் போகிறார். இருவரிடமும் கடைக்கு ஆளுக்கு 9 வெள்ளி, செட் வாங்கும் தம்பியிடம் 8 வெள்ளி. மொத்தம் 26. வாடிக்கையாளர் இருவருக்கு ஒவ்வொரு வெள்ளி விட்டுக்கொடுத்த பிறகும் கட்டாய செட்டைவிட 2 வெள்ளி கூடுதல்.

பலகையில் '15, 15, சேர்த்து வாங்கினால் 20' என்றிருப்பதைப் பார்த்துத் தம்பி 10 வெள்ளி மிச்சப்படுத்தியதாக மகிழ்வார். அந்தப் பத்து எங்கிருந்தும் வந்ததல்ல. தனித்தனியாக 30 வெள்ளி கொடுத்து அவர் ஒருபோதும் வாங்கியிருக்க மாட்டார். தனி விலையை உயர்த்தி வைத்ததால் பிறந்த தள்ளுபடி அது. சூப்பர்மார்க்கெட்டிலும் தொலைபேசித் திட்டங்களிலும் இந்த மாதிரி 'மிச்சம்' நிறைய உண்டு.

தீபாவளி நெருங்கி ஆட்டிறைச்சி விலை ஏறும்போது வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரியும். மட்டன் செலவு 6இலிருந்து 10 வெள்ளி ஆகிவிட்டது, விலைப்பலகையை மாற்றவில்லை என்று வைத்துக்கொள்வோம். கட்டாய செட் விற்கும் கடைக்குச் செட்டுக்கு 4 வெள்ளிதான் மிஞ்சும், மொத்த லாபம் 24இலிருந்து 12ஆக, சரிபாதியாக விழுகிறது. கலப்பாக விற்பவருக்கு ஆசிரியரிடம் அதே 9, தம்பியிடம் 4, அக்காவிடம் 5, ஆக 18. தாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று கடைக்காரருக்குத் தெரிய வேண்டுமானால் கணினி தேவையில்லை. மடித்த இலைகளை எடுக்கும் பையனைக் கேட்டாலே போதும். தொடாத மட்டன் கிண்ணம் தினமும் திரும்பி வந்தால், கட்டாய செட் காசைத் தின்கிறது.

அப்படியானால் கலப்புதான் எப்போதும் மேலா? இல்லை. அதே மூவர், ஆனால் பொருளுக்குச் செலவே இல்லை என்று எண்ணிப் பாருங்கள். கட்டாயத் தொகுப்பில் 20 வெள்ளி வீதம் 60 கிடைக்கும். கலப்பில் 15, 15, 20 என்று 50தான். வீணாவதற்கு ஒன்றும் இல்லாதபோது தனியாக விற்பது வருமானத்தை விட்டுக்கொடுப்பதாகிவிடுகிறது. தொலைக்காட்சி இப்படிப்பட்ட சரக்கு. ஒளிபரப்பை இன்னொரு வீட்டுக்குத் திறந்துவிட நிறுவனத்துக்கு ஏறக்குறைய செலவில்லை. 1996இல் தொடங்கிய ஆஸ்ட்ரோவில், அடிப்படைத் தொகுப்பை எடுத்த பிறகுதான் மற்றவற்றைச் சேர்க்கலாம் என்ற முறை நெடுங்காலம் இருந்தது. தமிழ் அலைவரிசை மட்டும் போதும் என்ற பாட்டி வீட்டிலும் பார்க்காத அலைவரிசைகள் வந்து குவிந்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

இந்தியாவில் 2019இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இதில் தலையிட்டது. ஒவ்வொரு கட்டண அலைவரிசைக்கும் தனி விலை அறிவிக்க வேண்டும், தொகுப்பில் சேர்க்கும் அலைவரிசையின் விலை மாதம் 19 ரூபாயைத் தாண்டக்கூடாது என்றது. அதாவது, சட்டமே கலப்புத் தொகுப்புக்கு உத்தரவு போட்டது. நிறுவனங்கள் என்ன செய்தன? சன் டிவி உட்பட மக்கள் விரும்பும் பல அலைவரிசைகளுக்கு அந்த உச்ச விலையான 19 ரூபாயையே வைத்தன, பக்கத்திலேயே தொகுப்பை மலிவாக வைத்தன. நம் கடைப்பலகையில் இருக்கும் 15, 15, 20தான் அது. தனி விலை இருந்தால் மட்டும் போதாது, அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

கலப்புத் தொகுப்புக்கு ஒரு பலவீனம் உண்டு. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் கடை வைத்திருப்பவர்கள் அதை நன்றாக அறிவார்கள். ஆசிரியரும் அக்காவும் அண்டை வீட்டுக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒன்றாக வந்து ஒரே ஒரு செட் வாங்குகிறார்கள், 20 வெள்ளி. ஆசிரியர் இலையில் உட்காருகிறார், மட்டன் பொட்டலமாக அக்கா பைக்குள் போகிறது. தனித்தனியே 30 வெள்ளி கொடுத்திருப்பார்கள். கடைக்கு அவர்களிடமிருந்து வரவேண்டிய 18 வெள்ளி லாபம் 8ஆகச் சுருங்கிவிட்டது. 'செட்டைப் பார்சல் செய்ய முடியாது', 'ஓர் இலை ஒருவருக்கு மட்டும்' என்று சுவரில் ஒட்டியிருப்பது வாடிக்கையாளர் மீதுள்ள கோபத்தால் அல்ல, இந்த 10 வெள்ளிக்காகத்தான்.