உள்ளே காட்டி வெளியே போவது

1953 மே மாதம், லண்டன் வெம்ப்ளி மைதானம். எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் போல்டன் அணி 3-1 என்று முன்னிலையில் இருந்தது. பிளாக்பூல் அணிக்காக வலது ஓரத்தில் ஆடிய ஸ்டான்லி மாத்யூஸுக்கு அப்போது வயது 38. தடுக்க வந்தவர்களைத் திரும்பத் திரும்பக் கடந்துபோய்ப் பந்தை நடுவே அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசியில் 4-3 என்று பிளாக்பூல் ஜெயித்தது. இத்தனைக்கும் அவருடைய பேர்போன வித்தை ஒன்றே ஒன்றுதான்.

வலது பாதத்தின் உட்புறத்தால் பந்தை இடப்பக்கம் மெல்லத் தட்டுவார். தோளும் அந்தப் பக்கம் சாயும். எதிராளி அதை நம்பி அந்தப் பக்கக் காலில் எடையை ஊன்றியதும், அதே வலது பாதத்தின் வெளிப்புறத்தால் பந்தை வலப்பக்கம் தள்ளிவிட்டு ஓடிவிடுவார். ஊன்றிய காலை எடுத்துத் திரும்ப எதிராளிக்கு ஒரு கணம் ஆகும். அந்த ஒரு கணம் போதும்.

புதிதாகப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. பாதத்தின் இரண்டு பக்கத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. உட்புறம் என்பது பெருவிரல் மூட்டிலிருந்து உள்ளங்கால் வளைவு வரையுள்ள பகுதி. அகலமானது, அதனால் பந்து வழுக்காது. ஆனால் அதால் தட்ட இடுப்பிலிருந்து காலைத் திருப்ப வேண்டும்; ஓட்டம் தடைப்படும். வெளிப்புறம் அப்படியல்ல. விரல்நுனியைக் கொஞ்சம் கீழேயும் உள்ளேயும் சாய்த்து, சுண்டுவிரலுக்கு மேலுள்ள பகுதியால் பந்தைத் தள்ளினால் ஓடுகிற ஓட்டத்திலேயே அது நடந்துவிடும். திரும்ப உட்புறம், ஓட வெளிப்புறம் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஆறு கோன்களையோ பழைய செருப்புகளையோ ஓரடி இடைவெளியில், அதாவது நடக்கும்போது வைக்கிற ஒரு எட்டு தூரத்தில், வரிசையாக வைத்து, வலது காலால் மட்டும் உட்புறம் ஒரு தட்டு, வெளிப்புறம் ஒரு தட்டு என்று வளைந்து போக வேண்டும். முழங்கால் மடங்கியிருக்கட்டும், குதிகாலில் நிற்கக் கூடாது. பிறகு இடது கால். அது பிடிவாதம் பிடிக்கும், விடக் கூடாது.

பலரும் தவறுவது தட்டின் கனத்தில். பந்தை எட்டிப் பிடிக்க இரண்டு எட்டு ஓடவேண்டி வந்தால், தட்டு பலம் என்று அர்த்தம். பந்து காலுக்கடியில் சிக்கினால் தட்டியது போதவில்லை. நுனிக்காலால் குத்தினால் பந்து எங்கே போகும் என்று குத்தியவருக்கே தெரியாது. இன்னொன்று, பந்தையே பார்ப்பது. தட்டும் கணத்தில் குனிந்து பார்த்துவிட்டு உடனே தலையை நிமிர்த்த வேண்டும். நண்பர் ஒருவரை எதிரே நிற்கவைத்து, விரல்களைக் காட்டச்சொல்லி எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டே ஓட்டினால் இந்தப் பழக்கம் போகும். கோன்களைத் தாண்டியதும் அதே நண்பர்தான் எதிராளி. வெகு தூரத்திலேயே சாய்ந்து காட்டினால் அவர் அசையமாட்டார். மிக அருகில் போனால் காலை நீட்டிப் பந்தைப் பறித்துவிடுவார். அவர் கால் எட்டாத தூரத்தில், சுமார் இரண்டு எட்டுக்கு முன்னால், உட்புறத் தட்டைக் காட்ட வேண்டும். பந்தைப் பார்க்காமல் அவர் முழங்காலைப் பார்த்தால், எந்தக் காலில் எடை இறங்குகிறது என்று தெரியும்.