முதலில் ரிஜெக்‌ஷன் நோட்டைத் திறங்கள்

கோவையில் பம்பு வார்ப்புகள் செய்யும் நடுத்தர ஆலை ஒன்று, குறைகளைக் கண்டறிய ஏஐ கேமரா வாங்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விலை கேட்பதற்கு முன் ரிஜெக்‌ஷன் நோட்டைப் புரட்ட வேண்டும். பாதி வரிகளில் ‘இதர குறை’ என்றிருந்தால் அந்தத் தரவு உதவாது. காற்றுத்துளை, விரிசல் என்று பிரித்து, படத்தோடு சில மாதங்கள் பதியுங்கள். ஒரே வார்ப்பின் குறைக்கு இரண்டு ஆய்வாளர்கள் வேறுவேறு பெயர் சொன்னால் இயந்திரமும் குழம்பும். பணியாளர் பயிற்சி அங்கேதான் தொடங்குகிறது.

பிறகு ஒரே ஒரு லைனில் சோதனை. கேமரா தன் முடிவைப் பதிவு மட்டும் செய்யட்டும்; ஒதுக்குவது ஆய்வாளரே. மாதந்தோறும், தவறவிட்ட குறைகளையும் வீணாக ஒதுக்கச் சொன்ன நல்ல வார்ப்புகளையும் தனித்தனியே எண்ணுங்கள். 100-ல் 3 மட்டுமே பழுது என்றால், எல்லாம் நல்லது என்று சொல்லும் கேமராவும் 97 சதவீதம் வாங்கிவிடும். முன்பே எழுதிவைத்த வரம்பை எட்டாவிட்டால் அடுத்த லைனுக்குப் போகாதீர்கள்.