டெலோமியரை நீட்டித் தருவதாகச் சொல்பவர்களிடம் கேட்க வேண்டியது

2019-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று 45 வயதைக் கடந்தவர்களுக்கு ஒரு சிகிச்சையை அறிவித்தது. டெலோமியரை நீட்டும் டெலோமரேஸ் என்ற நொதியை உண்டாக்கும் மரபணுவை, நோய் உண்டாக்காத ஒரு வைரஸில் ஏற்றி இரத்தத்தில் செலுத்துவது திட்டம். நடக்கவிருந்த இடம் கொலம்பியா. கட்டணம் 10 லட்சம் டாலர். சோதனைக்கு உட்படுகிறவரே அந்தச் சோதனைக்குப் பணமும் கட்ட வேண்டியிருந்தது. இதே வாக்குறுதியை மலிவு விலையில் தரும் மாத்திரைகளும் விற்பனையில் உள்ளன. எல்லாருடைய வாதமும் ஒன்றுதான்: வயதாக ஆக டெலோமியர் குறைகிறது, நீட்டினால் இளமை திரும்பும்.

குறைகிறது என்பது உண்மை. குறைவதால் உடலுக்கு என்ன பயன் என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

தறியில் பாவை எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் அதன் கடைசிப் பகுதி துணியாக மாறாது. அச்சும் விழுதும் நிற்க இடம் வேண்டுமே. அந்த நூல் நெய்யப்படாமலே அறுபடும். செல் பிரியும்போது டி.என்.ஏ. இழையின் நுனியிலும் கிட்டத்தட்ட இதுதான் நிகழ்கிறது. இழையைப் படியெடுக்கும் பாலிமரேஸ் நொதியால் வெறுமையிலிருந்து தொடங்க முடியாது. ஒரு சிறு ஆர்.என்.ஏ. துண்டு முதலில் அமர்ந்து இடம் காட்ட வேண்டும். பாலிமரேஸ் அதிலிருந்து ஒரே திசையில் எழுதிக்கொண்டு போகும். வேலை முடிந்ததும் ஆர்.என்.ஏ. துண்டுகள் அகற்றப்படும். நடுவில் உள்ள இடைவெளிகளை அடுத்த துண்டிலிருந்து வரும் பாலிமரேஸ் நிரப்பிவிடும். நுனியில் இருந்த துண்டுக்கு அப்பால் எதுவுமில்லை, அதனால் அந்த இடம் நிரம்பாது. 1971-இல் மாஸ்கோவின் அலெக்ஸி ஒலோவ்னிகோவும் மறு ஆண்டில் ஜேம்ஸ் வாட்சனும் தனித்தனியே கண்டுகொண்ட சிக்கல் இது.

ஆர்.என்.ஏ. துண்டின் நீளம் பத்து எழுத்துகள் அளவே. ஆனால் ஆய்வகத்தில் வளர்க்கும் மனித செல்கள் ஒவ்வொரு பிரிவிலும் 50 முதல் 100 எழுத்துகள் வரை இழக்கின்றன. கடைசித் துண்டு நுனியோடு ஒட்டி அமர்வதில்லை என்பதும், படியெடுத்த பின் வேறு நொதிகள் நுனியைக் கொஞ்சம் கொறித்துச் சீராக்குகின்றன என்பதும் இதற்குக் காரணங்கள். இழப்பைத் தாங்குவதற்காகவே குரோமோசோமின் இரு முனைகளிலும் TTAGGG என்ற ஆறு எழுத்துகள் ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கின்றன. அதுதான் டெலோமியர்.

ஒரு எளிய கணக்கு போடலாம். ஒரு செல் 10,000 எழுத்து நீள டெலோமியரோடு தொடங்குகிறது, 5,000 வரை குறைந்ததும் அதற்கு அபாய மணி அடிக்கிறது, ஒவ்வொரு பிரிவிலும் 100 போகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 பிரிவுகள் கிடைக்கும். பிலடெல்பியாவில் லியோனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் 1961-இல் வெளியிட்ட ஆய்வில் மனிதக் கரு செல்கள் ஏறத்தாழ இந்த எண்ணிக்கையில்தான் பிரிவதை நிறுத்தின. குட்டையான முனையை உடைந்த டி.என்.ஏ. என்று செல் எடுத்துக்கொள்கிறது. பி53 என்ற புரதம் பிரிவை நிறுத்துகிறது.

விற்பவர்கள் இந்த நிறுத்தத்தைக் குறைபாடு என்கிறார்கள். ஒரு மச்சத்தை நினைத்துப் பாருங்கள். தோலின் நிறமி செல் ஒன்றில், பெருகச் சொல்லும் மரபணு மாற்றம் ஒன்று நேர்ந்திருக்கும். அது சிறிது காலம் பெருகும், பிறகு நின்றுவிடும். உடலின் பல தடைகள் சேர்ந்து அதை நிறுத்துகின்றன. அவை அனைத்தையும் தாண்டி ஓட முயலும் செல்லுக்குக் குறுக்கே இருப்பது தேய்ந்துவரும் டெலோமியர். ஒரு சென்டிமீட்டர் கட்டியில் சுமார் நூறு கோடி செல்கள் இருக்கும். ஒரு செல் 30 தடவை இரட்டித்தாலே அந்த எண்ணிக்கை வந்துவிடும். ஆனால் வளரும் கட்டியில் பெரும்பங்கு செல்கள் வழியிலேயே மடிகின்றன, ஆகவே உண்மையில் தேவைப்படும் பிரிவுகள் அதைவிட மிக அதிகம். டெலோமியர் முதலில் தீர்ந்துபோகும்.

அதைக் கடக்கப் புற்று செல் என்ன செய்கிறது என்பது 2013-இல் தெளிவானது. மெலனோமா என்னும் தோல் புற்றில், டெலோமரேஸ் மரபணுவுக்கு முன்னால் இருக்கும் இயக்குபகுதியில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. அந்த மாற்றத்தால் மரபணுவை எழுப்பும் புரதங்கள் வந்து அமர ஓர் இடம் உருவாகிறது. அணைந்திருந்த டெலோமரேஸ் மீண்டும் இயங்குகிறது. ஆய்வு செய்த மெலனோமா கட்டிகளில் பெரும்பாலானவற்றில் இந்த வகை மாற்றம் இருந்தது. மனிதப் புற்றுகளை மொத்தமாகப் பார்த்தால் பத்தில் ஒன்பதளவில் டெலோமரேஸ் விழித்திருக்கிறது. பல ஆண்டுகள் காத்திருந்து ஒரு செல் தற்செயலாகப் பெறும் அதே நொதியைத்தான் அந்த ஊசி உடலெங்கும் கொண்டுசேர்க்க முன்வந்தது. ஐம்பது வயதுக்காரரின் உடலில், மற்றத் தடைகளை ஏற்கெனவே இழந்து இந்த ஒன்றுக்காகக் காத்திருக்கும் செல்கள் இருக்க நிறைய வாய்ப்புண்டு.

அவர்கள் காட்டும் மிக வலுவான ஆதாரம் 2012-இல் ஸ்பெயினில் மரியா பிளாஸ்கோவின் குழு எலிகளில் செய்த ஆய்வு. வயதான எலிகளுக்கு டெலோமரேஸ் மரபணு கொடுத்தபோது ஆயுள் கூடியது, புற்று கூடவில்லை. நல்ல ஆய்வுதான். ஆனால் ஆய்வக எலியின் டெலோமியர் நம்முடையதைவிடப் பல மடங்கு நீளம், அதன் உடல் திசுக்கள் பலவற்றில் டெலோமரேஸ் இயல்பாகவே இயங்குகிறது, அது வாழ்வதும் இரண்டு மூன்று ஆண்டுகளே. நாம் நம்பியிருக்கும் இந்தத் தடை எலியிடம் பெரிதாக இல்லை. இல்லாததைத் தளர்த்தியதால் ஒன்றும் ஆகவில்லை என்பது, அது உள்ள மனிதனுக்கு எப்படிச் சான்றாகும்?

மனிதரிடம் நீண்ட டெலோமியர் என்ன செய்யும் என்பதற்கு மனிதரிடமே விடை உண்டு. டெலோமியரின் நீளத்துக்கு அளவு வைக்கும் புரதங்களில் போட்1 ஒன்று. அதில் பழுதுள்ள மரபணுவைப் பெற்ற 17 பேரை, 7 வயது முதல் 83 வயது வரை உள்ளவர்களை, ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மேரி அர்மேனியோஸின் குழு ஆராய்ந்து 2023-இல் முடிவுகளை வெளியிட்டது. பலருக்கு டெலோமியர் வழக்கத்தைவிட நீளம். சிலருக்கு நரை மிகத் தாமதமாகவே வந்தது. விளம்பரத்துக்கு இதைவிட நல்ல முகம் கிடைக்காது. அதே குடும்பங்களில் தைராய்டு கழலை முதல் மெலனோமா, இரத்தப் புற்றுவரை தீங்கற்றதும் தீங்கானதுமான கட்டிகள் வரிசையாக இருந்தன. இரத்தத்திலோ, பிழை ஏறிய ஒரே செல்லின் வாரிசுகள் பெருகிக் கிடந்தன. வழக்கமாகத் தேய்ந்து மறைந்திருக்க வேண்டிய செல்களுக்கு நீண்ட டெலோமியர் கூடுதல் ஆயுளைக் கொடுத்து, பிழைகளைச் சேர்த்துக்கொள்ளவும் நேரம் கொடுத்துவிட்டது.

மிகக் குட்டை டெலோமியரும் நோய்தான். பிறவியிலேயே டெலோமரேஸ் குறைபாடு உள்ளவர்களுக்கு எலும்பு மஜ்ஜை வற்றும், நுரையீரல் தழும்பேறி இறுகும். குடும்பத்தில் இளநரை, காரணம் தெரியாத இரத்தக் குறைவு, நுரையீரல் இறுக்கம் சேர்ந்து வந்தால் இரத்தவியல் மருத்துவரிடம் போக வேண்டும். அங்கே ஃப்ளோ-ஃபிஷ் என்ற முறையில் வெள்ளை அணுக்களின் டெலோமியரை அளந்து, அதே வயதினரோடு ஒப்பிடுவார்கள். அது நோயறியும் சோதனை.

நலமாக இருப்பவருக்கு அஞ்சலில் வரும் சோதனை வேறு. நடுவயதில் வெள்ளை அணுக்களின் டெலோமியர் ஆண்டுக்கு 20 முதல் 30 எழுத்துகள் குறைகிறது. மலிவான பி.சி.ஆர். முறையில் ஒரே இரத்தத்தை இருமுறை அளந்தாலே விடை ஐந்து சதவீதம் மாறலாம். 7,000 எழுத்தில் அது 350. பத்தாண்டுக்கும் மேலான தேய்மானம். மூன்று மாதம் மாத்திரை விழுங்கிய பின் வரும் தாளில் "நீளம் கூடியது" என்று இருந்தால், முதல் நாள் எடுத்த அதே இரத்தத்தை மறுபடி அளந்தபோது என்ன வந்தது என்று கேளுங்கள். அந்த எண் தாளில் இருக்காது.